வசனக் காட்சி முடிந்ததும் கன்ட்ரோலர் காணாமல் போவது ஏன்?

அக்கா மகன் போன மாதம் ஒரு இரவு பதினொரு மணிக்குப் போன் செய்தான். "மாமா, கன்ட்ரோலர் மறுபடியும் செத்துப்போச்சு." அந்த "மறுபடியும்" என்ற சொல்லில்தான் விஷயமே இருந்தது. அதற்குள் அவன் இரண்டு கேபிள் மாற்றிவிட்டான், விளையாட்டை ஒருமுறை அழித்துத் திரும்ப ஏற்றிவிட்டான், நண்பன் ஒருவன் சொன்னான் என்று விண்டோஸையே புதிதாகப் போடவும் தயாராக இருந்தான். கழற்றி மாட்டினால் உடனே உயிர் வந்துவிடுகிறது, அப்புறம் எப்போதோ ஒருமுறை மீண்டும் போய்விடுகிறது என்றான்.

நான் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். போகிற அந்த நிமிடத்தில் நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். நண்பர்களோடு கால்பந்து ஆடும்போது ஒருநாளும் போனதில்லை. கதை விளையாட்டில்தான் போகிறது. அதிலும் நடுவில் சினிமா மாதிரி ஒரு நீளமான வசனக் காட்சி ஓடும்போது கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுப் பார்ப்பான். காட்சி முடிந்து பட்டனை அழுத்தினால், "கன்ட்ரோலரை இணைக்கவும்" என்று திரையில் வந்து நிற்கும்.

கேபிள் பாதி அறுந்திருந்தால் அது வசனக் காட்சிக்காகக் காத்திருக்காது. கை ஆட ஆட, கம்பி அசைய அசையத்தான் அறும். சும்மா இருக்கும்போது மட்டும் போகிறது என்றால், யாரோ அதைச் சும்மா இருக்கிறது என்று கவனித்துத் தூங்க வைக்கிறார்கள். அந்த யாரோ, விண்டோஸின் யுஎஸ்பி மின்சேமிப்பு ஏற்பாடு.

தூக்கம் என்றால் என்ன

விண்டோஸில் இதற்குப் பெயர் USB selective suspend. எக்ஸ்பி காலத்திலிருந்தே இருக்கிறது. கணினி முழுவதையும் தூங்க வைக்காமல், மாட்டியிருக்கும் சாதனங்களில் வேலை இல்லாத ஒன்றை மட்டும் தனியாகத் தூங்க வைப்பதுதான் இதன் வேலை. லேப்டாப் பேட்டரிக்கு இது உண்மையிலேயே நல்லது. அதனால்தான் வாங்கி வரும்போதே அது இயக்கத்தில் இருக்கும்.

செட்டிங் பக்கத்தில் இதை விவரித்திருக்கும் விதம் பலரையும் குழப்புகிறது. "Allow the computer to turn off this device to save power" என்று எழுதியிருப்பார்கள். படித்தால், போர்ட்டுக்குப் போகிற மின்சாரத்தையே துண்டித்துவிடுகிறது போலத் தோன்றும். அப்படி நடப்பதில்லை. 5 வோல்ட் போர்ட்டில் அப்படியே இருக்கும். நின்றுபோவது பேச்சுதான்.

யுஎஸ்பியில் கணினிதான் எஜமான், சாதனம் தானாகப் பேசத் தொடங்காது. சாதாரணமாக ஒரு கன்ட்ரோலர் மாட்டியிருக்கும் கம்பியில் கணினி 1 மில்லிவிநாடிக்கு ஒருமுறை, அதாவது விநாடிக்கு 1000 தடவை, ஒரு சின்ன அடையாளத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். இரவுக் காவலாளி தெருவில் தடியைத் தட்டிக்கொண்டே நடப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் கேட்கிறவரை சாதனம் விழித்திருக்கும். 3 மில்லிவிநாடிக்கு அந்தச் சத்தம் எதுவும் கேட்கவில்லை என்றால், "சரி, நம்மைத் தூங்கச் சொல்கிறார்கள்" என்று சாதனம் புரிந்துகொள்ள வேண்டும். சத்தம் நின்ற 10 மில்லிவிநாடிக்குள் அது தன் மின் செலவைக் குறைத்துவிட வேண்டும் என்பது விதி. விழித்திருக்கும்போது ஒரு யுஎஸ்பி 2.0 சாதனம் 500 மில்லியாம்பியர் வரை கேட்டுப் பெறலாம், தூங்கும்போது 2.5 மில்லியாம்பியருக்கு மேல் எடுக்கக்கூடாது. கன்ட்ரோலரின் விளக்கு அணைந்துபோவது இதனால்தான். விளக்கெரிக்கும் மின்சாரம்கூட அந்தக் கணக்கில் மிஞ்சாது.

எழுப்புவதற்கும் ஒரு முறை இருக்கிறது. கணினியே எழுப்ப நினைத்தால், கம்பியில் ஒரு விழிப்புக் குறியைக் குறைந்தது 20 மில்லிவிநாடி பிடித்து வைத்திருக்கும். அதன் பிறகு சாதனம் சுதாரித்துக்கொள்ள 10 மில்லிவிநாடி கொடுக்கும். சாதனம் எழுப்ப நினைத்தால், அதாவது நீங்கள் ஒரு பட்டனை அழுத்தினால், சாதனமே கம்பியில் ஒரு தட்டு தட்ட வேண்டும். இந்தத் திறமை எல்லாச் சாதனத்துக்கும் கிடையாது. கணினியோடு முதலில் இணையும்போதே, "என்னால் உன்னைத் தட்டி எழுப்ப முடியும்" என்று சாதனம் தன் விவரக் குறிப்பில் சொல்லிவிட வேண்டும்.

எல்லாம் ஒழுங்காக நடந்தால் நமக்கு ஒன்றுமே தெரியாது. கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவான நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். உங்கள் கீபோர்டோ மவுஸோ இதற்குள் எத்தனையோ முறை தூங்கி எழுந்திருக்கலாம், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

அப்புறம் எங்கே பிசகுகிறது

இரண்டு இடத்தில் பிசகும்.

முதலாவது, எது "சும்மா இருப்பது" என்று யார் முடிவு செய்வது? சாதனத்தின் டிரைவர், அதாவது விண்டோஸுக்காக அந்தச் சாதனத்தை இயக்கும் மென்பொருள். நீங்கள் வசனக் காட்சியை ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருப்பது டிரைவருக்குத் தெரியாது. சில கன்ட்ரோலர்கள் குச்சி அசையாவிட்டாலும் தங்கள் நிலையைத் தொடர்ந்து சொல்லிக்கொண்டே இருக்கும். வேறு சில, ஏதாவது மாறினால் மட்டுமே பேசும். இரண்டாவது ரகத்தை மடியில் வைத்துவிட்டால் கணினி கேட்கும் ஒவ்வொரு முறையும் "ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை" என்ற பதில்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இதை எழுப்பி வைத்திருப்பானேன் என்று டிரைவர் தூங்க வைத்துவிடுகிறது.

இரண்டாவது பிசகுதான் உண்மையான தொல்லை. தூங்க வைத்தது தப்பில்லை, எழுந்திருக்கத் தெரியாததுதான் தப்பு. விலை குறைந்த கன்ட்ரோலர்களில் இது அதிகம். "எழுப்புவேன்" என்று விவரக் குறிப்பில் எழுதியிருக்கும், ஆனால் உள்ளே இருக்கும் சிப் அந்தத் தட்டைச் சரியாகத் தட்டாது. அல்லது கணினி எழுப்பும்போது தன் பழைய நிலை எல்லாம் மறந்துபோய் விழிக்கும். பதில் வராததைப் பார்த்த கணினி, அதைப் புதிதாக மாட்டிய சாதனம் போல முதலிலிருந்து விசாரிக்க ஆரம்பிக்கும். அப்போதுதான் "டொடொங்" என்று விண்டோஸின் இணைப்புத் துண்டிக்கும் ஒலியும், பின்னாலேயே இணைக்கும் ஒலியும் கேட்கும்.

கணினியைப் பொறுத்தவரை அதோடு கதை முடிந்தது. விளையாட்டுக்கோ அங்குதான் சிக்கல் தொடங்குகிறது. விளையாட்டு முதலில் பிடித்து வைத்திருந்த கன்ட்ரோலர் போய்விட்டது, இப்போது வந்திருப்பது வேறு ஒன்று என்று அது நினைக்கும். நன்றாக எழுதப்பட்ட விளையாட்டு புதியதை எடுத்துக்கொள்ளும். மற்றவை வெளியே போய்த் திரும்ப வந்தால்தான் ஏற்றுக்கொள்ளும். ஹெட்செட் என்றால் இன்னும் கூத்து: ஒலி லேப்டாப் ஸ்பீக்கருக்குத் தாவிவிடும். ஹெட்செட் திரும்பி வந்த பிறகும் விளையாட்டின் சத்தம் ஸ்பீக்கரிலேயே நின்றுவிடும், நண்பர்களின் பேச்சு மட்டும் காதில் கேட்கும். இரவு பதினொரு மணிக்கு வீடே எழுந்துவிடும்.

ஹெட்செட் ஏன் நடு ஆட்டத்திலும் தூங்குகிறது

கன்ட்ரோலரை மடியில் வைத்தோம், தூங்கியது, சரி. ஹெட்செட் காதில்தானே இருக்கிறது?

ஹெட்செட்டுக்கு "வேலை" என்பது காதில் இருப்பது அல்ல, ஒலி ஓடை, அதாவது கணினிக்கும் ஹெட்செட்டுக்கும் நடுவே ஒலி போகும் வழி, திறந்திருப்பது. ஒரு யுஎஸ்பி ஹெட்செட் கணினிக்கு ஒரு சாதனமாகத் தெரியாது. ஒலி வெளியே வரும் பகுதி, மைக், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டன்கள் என்று இரண்டு மூன்று சாதனங்கள் ஒரே கம்பியில் சேர்ந்திருப்பதாகத்தான் தெரியும். இவை எல்லாமே ஓய்வில் இருந்தால் மட்டும் முழு ஹெட்செட்டும் தூங்கும். விளையாட்டு ஒரு ஆட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏறும்போது, சில விளையாட்டுகள் ஒலி ஓடையை மூடிவிட்டு மறுபடி திறக்கும். நீங்கள் யாரோடும் பேசாமல் தனியாக ஆடினால் மைக்கும் மூடியிருக்கும். அந்த இடைவெளியில் தூங்கிவிடுகிறது.

இதில் மெல்லிய அறிகுறி ஒன்று உண்டு, துண்டிப்பு வருவதற்கு முன்பே கவனிக்கலாம். அமைதிக்குப் பிறகு வருகிற முதல் சத்தத்தின் தலை வெட்டுப்பட்டிருக்கும். "வணக்கம்" என்பது "ணக்கம்" என்று கேட்கும், அல்லது முன்னால் "டப்" என்று ஒரு சின்ன ஓசை வரும். அப்படிக் கேட்டால் உங்கள் ஹெட்செட் தூங்கித் தூங்கி எழுகிறது என்று அர்த்தம். இன்னும் ஒழுங்காக எழுகிறது, அவ்வளவுதான்.

சோதித்துப் பார்ப்பதும் எளிது. பின்னணியில் ஏதாவது ஒரு பாட்டை மிக மெதுவாக ஓடவிட்டு விளையாடுங்கள். ஓடை மூடாது. இரண்டு மூன்று நாள் அப்படி ஆடியும் துண்டிப்பு வரவில்லை, பாட்டை நிறுத்தியதும் வருகிறது என்றால் குற்றவாளி கிடைத்துவிட்டார். கன்ட்ரோலருக்கு இதே சோதனை: வசனக் காட்சி ஓடும்போது சில விநாடிக்கு ஒருமுறை குச்சியை லேசாக அசைத்துக்கொண்டே இருப்பது. அக்கா மகன் இரண்டு இரவு அப்படிச் செய்தான், ஒருமுறைகூடப் போகவில்லை.

அவன் லேப்டாப்பில் செய்தது

முதலில் போனது மின்திட்டத்துக்கு. விண்டோஸ் பட்டனையும் R-ஐயும் சேர்த்து அழுத்தி `powercfg.cpl` என்று அடித்தால் நேராக அங்கே போய்விடலாம். இப்போது தேர்வாகியிருக்கும் திட்டத்தின் பக்கத்தில் Change plan settings, அதற்குள் Change advanced power settings. ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அதில் USB settings என்பதை விரித்தால் USB selective suspend setting. லேப்டாப் என்றால் அதன்கீழ் இரண்டு வரி இருக்கும், On battery ஒன்று, Plugged in ஒன்று.

இங்கேதான் பையன் முதலில் தடுக்கி விழுந்தான். முதல் வரியை Disabled ஆக்கிவிட்டு, முடிந்தது மாமா என்று மூடிவிட்டான். ஆனால் அவன் விளையாடுவது எப்போதும் சார்ஜரை மாட்டிக்கொண்டுதான். அவனுக்கு வேண்டியது இரண்டாவது வரி. மாற்றியதன் பலனே இல்லாமல் அன்றிரவும் போயிற்று, "நீங்கள் சொன்னது இது இல்லை" என்று எனக்கே ஒரு திட்டு.

இரண்டாவது வரியையும் மாற்றினோம். நான்கு நாள் நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் மறுபடி. விசாரித்தால், அன்று மின்விசிறி சத்தம் அதிகமாக இருக்கிறது என்று லேப்டாப்போடு வந்த மென்பொருளில் வேறு ஒரு பயன்முறைக்கு மாற்றியிருக்கிறான். இப்படிப்பட்ட மென்பொருள்கள் பின்னால் மின்திட்டத்தையே மாற்றிவிடும். நாம் செய்த மாற்றம் ஒரு திட்டத்துக்கு மட்டுமே உரியது, அடுத்த திட்டத்தில் பழைய மதிப்புதான் இருக்கும். ஆகவே, நீங்கள் எந்தெந்தப் பயன்முறையில் விளையாடுவீர்களோ அத்தனையிலும் போய் ஒருமுறை மாற்ற வேண்டும்.

சில புதிய லேப்டாப்களில் அந்தப் பெட்டியைத் திறந்தால் USB settings என்ற வரியே இருக்காது. மறைத்து வைத்திருப்பார்கள். அப்போது டெர்மினலை நிர்வாகியாகத் திறந்து இந்த இரண்டு வரியைக் கொடுக்கலாம்:

```
powercfg /setacvalueindex SCHEME_CURRENT 2a737441-1930-4402-8d77-b2bebba308a3 48e6b7a6-50f5-4782-a5d4-53bb8f07e226 0
powercfg /setactive SCHEME_CURRENT
```

முதல் நீள எண் யுஎஸ்பி பகுதியைக் குறிக்கிறது, இரண்டாவது அதற்குள் இருக்கும் இந்தக் குறிப்பிட்ட செட்டிங்கை. கடைசியில் உள்ள 0 என்றால் வேண்டாம், 1 என்றால் வேண்டும். இது சார்ஜர் மாட்டியிருக்கும் நிலைக்கு மட்டும். பேட்டரியில் ஓடும்போதும் வேண்டாம் என்றால் `/setacvalueindex` என்பதற்குப் பதில் `/setdcvalueindex`. ஆனால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பேட்டரியில் வெளியே எடுத்துப்போகும் லேப்டாப்பில் இந்தச் சேமிப்பு வேலை செய்யட்டும். சாதனம் குடிக்கும் மின்சாரம் ஒருபக்கம் இருக்க, ஒரு யுஎஸ்பி சாதனம் விழித்தே இருந்தால் அதைக் கவனிக்கும் கணினிப் பகுதிகளும் ஆழ்ந்த ஓய்வுக்குப் போக முடியாது. மேசைக் கணினியில் இந்தக் கவலையே இல்லை, தயங்காமல் அணைக்கலாம்.

எந்த ஹப் என்று கண்டுபிடிப்பது

மின்திட்டத்தை மாற்றினாலே பெரும்பாலும் போதும். அதற்கும் அடங்காவிட்டால் அடுத்த இடம் Device Manager. வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை, அங்கே Universal Serial Bus controllers என்பதை விரித்து, USB Root Hub என்று இருக்கிற எல்லாவற்றிலும் Power Management பக்கத்துக்குப் போய் முன்பு சொன்ன "Allow the computer to turn off this device to save power" என்ற வரியின் டிக்கை எடுத்துவிடு என்பது. வேலை செய்யும். ஆனால் பூனை ஒன்றைப் பிடிக்க வீட்டுக் கதவு எல்லாவற்றையும் பூட்டுவது மாதிரி. லேப்டாப்பின் கேமரா, புளூடூத், கைரேகைப் பட்டை எல்லாமே உள்ளுக்குள் யுஎஸ்பியில்தான் பெரும்பாலும் மாட்டியிருக்கும். அவற்றின் தூக்கத்தையும் சேர்த்துக் கெடுப்பானேன்.

எனக்குப் பிடித்த வழி வேறு. Device Manager-இல் மேலே View என்பதை அழுத்தி Devices by connection என்று மாற்றுங்கள். சாதனங்கள் வகை வாரியாக இல்லாமல், எது எதில் மாட்டியிருக்கிறது என்ற குடும்ப மரமாக மாறிவிடும். இப்போது கன்ட்ரோலரைக் கழற்றி மாட்டுங்கள். மரத்தில் ஒரு கிளை மறைந்து மறுபடி முளைக்கும். அதுதான் உங்கள் கன்ட்ரோலர். அங்கிருந்து ஒவ்வொரு படியாக மேலே போனால் அது மாட்டியிருக்கும் ஹப்பும், அதற்கும் மேலே ரூட் ஹப்பும் வரும். அந்த ஒரு கிளையில், Power Management பக்கம் இருக்கும் ஒவ்வொன்றிலும் டிக்கை எடுத்தால் போதும். எல்லாவற்றிலும் அந்தப் பக்கம் இருக்காது. சில புதிய லேப்டாப்களில் எதிலுமே இருக்காது. அப்போது மேலே சொன்ன கட்டளைதான் வழி.

மாற்றியது பலித்ததா என்று விளையாடிப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. கன்ட்ரோலரின் Properties-இல் Details என்ற பக்கத்துக்குப் போய், மேலே உள்ள பட்டியலில் Power data என்பதைத் தேர்ந்தெடுங்கள். முதல் வரியில் Current power state என்று இருக்கும், கீழே D0 அல்லது D2 அல்லது D3 என்று எழுதியிருக்கும். D0 என்றால் விழித்திருக்கிறது. D2, D3 என்றால் தூங்குகிறது. கன்ட்ரோலரைத் தொடாமல் பத்து நிமிடம் வையுங்கள். அப்புறம் அந்த ஜன்னலை மூடித் திறந்து பாருங்கள், திறந்தே வைத்திருந்தால் பழைய மதிப்பையே காட்டிக்கொண்டிருக்கும். மாற்றுவதற்கு முன் D2, மாற்றிய பின் D0 என்று வந்தால் வேலை முடிந்தது. நாங்கள் போனில் பேசிக்கொண்டே இதைச் செய்தோம். பத்து நிமிடமும் அவன் அந்தக் கன்ட்ரோலரைத் தொடாமல் இருந்ததுதான் அன்றைய சாதனை.

இன்னொன்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பல கன்ட்ரோலர்களுக்குத் தனியாக வரிசை எண் கிடையாது. அப்படிப்பட்ட ஒன்றை வேறு போர்ட்டில் மாட்டினால், விண்டோஸ் அதைப் புதிய சாதனமாகவே பதிவு செய்யும். பழைய போர்ட்டில் எடுத்த டிக், புதிய இடத்தில் மறுபடி இருக்கும். "நேற்று சரியாயிற்று, இன்று மறுபடி" என்கிறவர்களில் பலர் போர்ட் மாற்றியவர்கள்தான். புதிய டிரைவர் போட்ட பிறகும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

புளூடூத்தில் இணைக்கும் கன்ட்ரோலருக்கு மேலே சொன்ன குடும்ப மரத்தில் தேட வேண்டியது கன்ட்ரோலரை அல்ல, லேப்டாப்புக்குள் இருக்கும் புளூடூத் சாதனத்தை. அதற்கும் ஒரு Power Management பக்கம் உண்டு.

லினக்ஸில்

லினக்ஸில் இதற்கு autosuspend என்று பெயர். கர்னல் தானாக எல்லாச் சாதனத்தையும் தூங்க வைக்காது. பெரும்பாலும் பேட்டரிக்காக நாமே போட்டுக்கொண்ட டிஎல்பி போன்ற கருவிதான் தூண்டிவிடும். ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு கோப்பு இருக்கிறது. கன்ட்ரோலர் 1-2 என்ற இடத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால்:

```
cat /sys/bus/usb/devices/1-2/power/runtime_status
echo on | sudo tee /sys/bus/usb/devices/1-2/power/control
```

முதல் வரி இப்போது தூங்குகிறதா என்று சொல்லும்: `active` அல்லது `suspended`. இரண்டாவது வரி தூங்காதே என்று சொல்கிறது. இந்த `on` என்ற சொல் மின்சேமிப்பை இயக்கு என்று தோன்றும், அர்த்தம் நேர் எதிர்: சாதனத்தை எப்போதும் விழித்திரு என்கிறோம். சேமிப்பு வேண்டுமென்றால் `auto`. கழற்றி மாட்டினால் இது மறந்துபோகும். சோதிப்பதற்கு இது போதும். நிரந்தரமாக வேண்டுமென்றால், டிஎல்பி வைத்திருப்பவர்கள் அதன் அமைப்புக் கோப்பில் `USB_AUTOSUSPEND=0` என்று எழுதலாம்.

தூக்கம் இல்லாத துண்டிப்புகள்

இத்தனையும் செய்த பிறகும் போகிறது என்றால், அல்லது பட்டனை அடித்து ஆடிக்கொண்டிருக்கும்போதே போகிறது என்றால், வேறு பக்கம் பார்க்க வேண்டும். (விதிவிலக்கு ஒன்று உண்டு. புதிய யுஎஸ்பியில், இரண்டு செய்திகளுக்கு நடுவே உள்ள மிகச் சிறிய இடைவெளியில்கூட இணைப்பு அரைத்தூக்கம் போடும் ஏற்பாடு இருக்கிறது. அதில் கோளாறுள்ள சாதனம் நடு ஆட்டத்திலும் விழும். ஆனால் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பார்ப்பதற்கு முன் அதைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.)

கம்பியில்லா ஹெட்செட்டில் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது: போனது டாங்கிளா, ஹெட்செட்டா? டாங்கிள் என்பது போர்ட்டில் மாட்டிய அந்தச் சின்னத் துண்டு. கணினியின் யுஎஸ்பி செட்டிங் எதுவும் டாங்கிளைத் தாண்டிப் போகாது. துண்டிக்கும்போது விண்டோஸின் ஒலி கேட்டு, Device Manager-இல் டாங்கிளே மறைந்தால் இதுவரை பேசியது எல்லாம் பொருந்தும். டாங்கிள் அங்கேயே இருக்கிறது, ஹெட்செட்டின் விளக்கு மட்டும் அணைந்தது என்றால், அது ஹெட்செட் தன் பேட்டரிக்காகத் தானே போட்டுக்கொண்ட தூக்கம். அதற்கான நேரத்தை, தயாரிப்பாளரின் சொந்த மென்பொருளில் மாற்ற இடம் இருந்தால் மட்டுமே மாற்றலாம். கம்பியில்லா எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் 15 நிமிடம் தொடாமல் வைத்தால் தானே அணைந்துவிடுவதும் இந்த வகைதான். அதற்காக விண்டோஸில் எதைத் திருகியும் பயனில்லை.

டாங்கிளும் இருக்கிறது, விளக்கும் எரிகிறது, சத்தம் மட்டும் விட்டு விட்டு வருகிறது என்றால் அது வானொலிக் கோளாறு. யுஎஸ்பி 3.0 போர்ட்டும் கேபிளும் வேலை செய்யும்போது, இந்த டாங்கிள்கள் பயன்படுத்தும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கக்கும். வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்துப் போர்ட்டில் டாங்கிளை மாட்டியிருந்தால், ஒரு நீட்டிப்புக் கேபிளில் அதைத் தள்ளி வையுங்கள்.

கம்பியுள்ள கன்ட்ரோலர் துண்டிக்கும் தருணம் வெடிகுண்டு வெடிக்கும் தருணமாகவோ, கார் சுவரில் மோதும் தருணமாகவோ இருந்தால், அப்போது உள்ளே இரண்டு மோட்டார்கள் அதிர்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள். அதிர்வுக்குத் திடீரென்று மின்சாரம் கூடுதலாக வேண்டும். கன்ட்ரோலர், வெளி டிஸ்க், கீபோர்டு எல்லாம் தனி அடாப்டர் இல்லாத ஒரே ஹப்பில் தொங்கினால், யுஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தரும் 500 மில்லியாம்பியரை அத்தனையும் பங்கிட வேண்டும். மோட்டார் சுழலும் நொடியில் வோல்ட் சரிந்து கன்ட்ரோலர் விழும். விளையாட்டின் செட்டிங்கில் அதிர்வை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஆடுங்கள். விழவில்லை என்றால் கன்ட்ரோலரை ஹப்பிலிருந்து எடுத்து லேப்டாப்பிலேயே நேராக மாட்டி, அதிர்வை மறுபடி போட்டுப் பாருங்கள். அப்போதும் விழுந்தால்தான் கேபிளை மாற்ற வேண்டும்.